பரிந்துரைக் கடிதம் கேட்டு சாருக்கு மின்னஞ்சல்: என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும்?

மேலூர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். மேலூர்ப் பக்கத்துக் கிராமம் எனக்கு. மதுரையில் ஓர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. தாவரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகையோடு சூழலியல் எம்.எஸ்ஸி. படிக்க விண்ணப்பிக்கப் போகிறேன். கடைசித் தேதி ஜனவரி 10. இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரியை விண்ணப்பத்தில் கொடுத்தால் அவருக்கு ஓர் இணைப்பு போகும். அதன் வழியாக அவரே கடிதத்தைப் பதிவேற்ற வேண்டும்.

முதல் கடிதத்தை எங்கள் புராஜெக்ட்டை வழிநடத்திய சாரிடம் கேட்க நினைக்கிறேன். அவர் கௌரவ விரிவுரையாளர். பருவத்தேர்வு முடிந்து இப்போது விடைத்தாள் திருத்தும் பணியில் இருக்கிறார். சாருக்கு ஆங்கிலத்தில்தான் அனுப்புவேன். நீங்கள் பார்த்துச் சொல்வதற்காகத் தமிழில் தருகிறேன்.

> மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் மூன்றாம் ஆண்டு தாவரவியல் மாணவி. வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். அதற்கு ஒரு பரிந்துரைக் கடிதம் தேவைப்படுகிறது. தாங்கள் ஒரு நல்ல கடிதம் எழுதித் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். என் சுயவிவரத்தையும் மதிப்பெண் பட்டியல்களையும் இணைத்துள்ளேன். நன்றி.

இது போதுமா? இன்னும் என்ன சேர்க்கலாம்?

செல்லூர்

இதற்கு எதற்கம்மா மின்னஞ்சல்? டி.சி. வாங்கும்போதே நடத்தைச் சான்றிதழும் சேர்த்துத் தருவார்கள். முன்கூட்டியே வேண்டுமென்றால் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்தால் இரண்டு நாளில் முதல்வர் கையெழுத்தோடு கிடைத்துவிடும். என் மகனுக்கு அப்படித்தான் வாங்கினோம்.

மேலூர்க்காரி

நன்றி ஐயா. நடத்தைச் சான்றிதழ் வேறு. இது பாடம் நடத்திய ஆசிரியரே என் படிப்பையும் வேலையையும் பற்றி அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நேராக எழுதும் கடிதம். என் கைக்கு வராது.

கோ.புதூர்

நானும் வெளிநாட்டில் எம்.எஸ். படித்தவன். பொறியியல்தான், இருந்தாலும் நடைமுறை ஒன்றே. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, கடிதத்தை நீயே எழுதி இணைத்துவிடு தங்கை. சாருக்கு நேரம் இருக்காது. "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்றுதான் எப்படியும் சொல்வார். அதற்கு முன்பே தயாராக வைத்திருப்பது நல்லது.

இரண்டாவது, கௌரவ விரிவுரையாளரிடம் கேட்காதே. துறைத்தலைவரிடமோ முதல்வரிடமோ கேள். கையெழுத்துக்குக் கீழே இருக்கும் பதவியைப் பார்ப்பார்கள்.

தெப்பக்குளம் வடகரை

நான் தாவரவியல்தான் கற்பித்தேன்; பணி ஓய்வு பெற்றுவிட்டேன். இந்தக் கடிதங்களை நிறைய எழுதியிருக்கிறேன், தேர்வுக்குழுவில் அமர்ந்து நிறையப் படித்தும் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலூர்ப் பெண்ணே, உன் மின்னஞ்சலில் பணிவு நிறைய இருக்கிறது, விவரம் இல்லை. உன் சார் அந்த இணைப்பைத் திறந்தால் அவர் முன்னால் என்ன வரும் என்று யோசித்துப் பார். பெரும்பாலான படிவங்களில் முதல் கேள்வி, இந்த மாணவியை எவ்வளவு காலமாக, எந்த முறையில் தெரியும் என்பது. அடுத்து ஒரு கட்டம் வரும்: பகுத்தாயும் திறன், தனியாக வேலை செய்யும் திறன், எழுத்து, குழுவில் நடந்துகொள்ளும் முறை என்று வரிசையாக இருக்கும். நீங்கள் கற்பித்த மாணவர்களில் இவர் முதல் 5 சதவீதத்தில் வருவாரா, 10 சதவீதத்திலா, 25 சதவீதத்திலா என்று ஒவ்வொன்றுக்கும் குறிக்கச் சொல்வார்கள். அதன் பிறகுதான் கடிதத்தைப் பதிவேற்றும் இடம் வரும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதத் தேவையானதில் எவ்வளவு உன் மின்னஞ்சலில் இருக்கிறது? எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம், எந்தத் தேதி என்பதுகூட இல்லை. உன் பெயரும் இல்லை.

ஆசிரியருக்கு உன் முகம் நினைவிருக்கும். நீ எந்தப் பருவத்தில் எந்தத் தாளில் அவரிடம் படித்தாய், வகுப்பில் எத்தனை பேர், புராஜெக்ட்டில் உன் பங்கு எது என்பது நினைவிருக்காது. விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில் அவர் பழைய பதிவேடுகளைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். அப்போது என்ன ஆகும்? "இவர் கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், பாடத்தில் ஆர்வமுள்ளவர்" என்று மூன்று வரி எழுதிக் கொடுப்பார். அதில் பொய் இருக்காது. ஆனால் அதே மூன்று வரி அந்த ஆண்டு விண்ணப்பித்த எல்லோருக்கும் பொருந்தும். குழுவில் இருப்பவர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் எழுதிக்கொள்ளாமல் அடுத்த கோப்பை எடுப்பார். நான் அப்படி எடுத்திருக்கிறேன்.

அதனால் ஒன்று செய். உன் சார் தம் கண்ணால் பார்த்த இரண்டு சம்பவங்களை அவருக்கு நினைவூட்டு. "நான் திறமைசாலி" என்று எழுத வேண்டாம். என்ன நடந்தது, எங்கே, எப்போது, நீ என்ன செய்தாய், அவர் என்ன சொன்னார், அவ்வளவு போதும். எது திறமை என்று அவர் சொல்லிக்கொள்வார்.

கோ.புதூர் தம்பி சொன்னதில் பாதி சரி. நீயே எழுதி வா என்று கேட்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் கேட்பதற்கு முன்பே எழுதிய கடிதத்தை நீட்டினால், யோசித்து எழுதக்கூடியவரும் யோசிக்காமல் அதையே ஏற்றிவிடுவார். இரண்டு ஆசிரியர்களுக்கும் நீயே எழுதினால் இரண்டிலும் ஒரே நடை, ஒரே சொற்கள் வரும். இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறாய் என்று நீ எழுதும் நோக்கக் கட்டுரையிலும் அதே குரல் கேட்கும். மூன்றையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு அது உடனே பிடிபடும். மாணவர் எழுதிய கடிதம் வேறு வகையிலும் காட்டிக்கொடுக்கும்: மாணவருக்கு மட்டுமே தெரிந்த செய்திகள் அதில் இருக்கும், ஆசிரியருக்கு மட்டுமே தெரிந்த ஒப்பீடு இருக்காது. "நான் கற்பித்த மாணவர்களில் இதைக் கவனித்தவர் இவர் ஒருவர்தான்" என்ற வரியை உன்னால் எழுத முடியாது. கடிதத்தின் உயிரே அந்த வரிதான்.

சம்பவங்களுக்கு வருவோம். புராஜெக்ட் எதைப் பற்றி?

மேலூர்க்காரி

அம்மா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி.

புராஜெக்ட் அரிட்டாபட்டியில். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்களே, அதே ஊர். எங்கள் ஊரிலிருந்து பக்கம். மலையடிவாரத்திலும் ஆனைகொண்டான் கண்மாய்க் கரையிலும் சிறு செடிகளைக் குவாட்ராட் போட்டு எண்ணினோம். ஒரு மீட்டர் சதுரச் சட்டம், ஓர் இடத்துக்கு இருபது. ஆகஸ்டில் ஒரு முறை, மழை விழுந்தபின் அக்டோபர் கடைசியில் மறுபடியும். நாங்கள் நான்கு பேர் குழு.

சம்பவம் என்று சொன்னால், அக்டோபரில் கண்மாய்க் கரையில் எண்ணிக்கொண்டிருந்தபோது, கீழாநெல்லி என்று எல்லோரும் குறித்துக்கொண்டிருந்த செடியில் இரண்டு வகை இருப்பதாக எனக்குத் தோன்றியது. ஒன்றில் காய் வழவழப்பாகச் சிறு காம்போடு தொங்கியது. இன்னொன்றில் காய் சொரசொரப்பாகத் தண்டோடு ஒட்டியே இருந்தது, காம்பே தெரியவில்லை. அங்கே செடியைப் பிடுங்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தோம். அதனால் லென்ஸ் வைத்துப் படம் எடுத்தேன். மறுநாள் கல்லூரி ஹெர்பேரியத்தில் உலர்ந்த செடிகளை ஒட்டி வைத்திருக்கும் தாள்களோடு சாரும் நானும் ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒன்று பில்லாந்தஸ் அமாரஸ், இன்னொன்று பில்லாந்தஸ் யூரினேரியா.

ஆகஸ்ட் கணக்கில் இரண்டையும் பிரிக்க வழியில்லை. அதனால் இரு மாதங்களையும் ஒப்பிடும் அட்டவணையில் ஒன்றாகவே வைத்துவிட்டு, அக்டோபருக்கு மட்டும் தனித்தனியாகக் கொடுத்தோம். ஏன் அப்படி என்று அறிக்கையில் ஒரு பத்தி எழுதச் சொன்னார் சார். அந்தப் பத்தியை நான் எழுதினேன்.

இது ஒரு பெரிய விஷயமா என்று தெரியவில்லை. பரிசு எதுவும் வாங்கவில்லை.

தெப்பக்குளம் வடகரை

பரிசு வாங்கியிருந்தால் அது உன் சுயவிவரத்தில் ஒரு வரியாக இருக்கும், அவ்வளவுதான். சூழலியல் படிக்க வரும் ஒருவரிடம் தேர்வுக்குழு எதைத் தேடுமோ அது முழுவதும் இந்தச் சம்பவத்தில் இருக்கிறது: களத்தில் கண் திறந்திருந்தது, சந்தேகம் வந்ததும் படம் எடுத்தாய், ஹெர்பேரியத்தில் சரிபார்த்தாய், பழைய தரவைத் திருத்த முடியாதபோது அதை மறைக்காமல் எழுதினாய். கடைசியில் சொன்னது மற்ற எல்லாவற்றையும்விட அருமையானது. இதைத்தான் சாருக்கு நினைவூட்ட வேண்டும். அந்தப் பத்தியையும் ஒரு படத்தையும் மட்டும் இணை. எல்லாப் பருவத்து மதிப்பெண் பட்டியலையும் தனித்தனிக் கோப்பாக அனுப்பாதே, யாரும் திறக்க மாட்டார்கள்.

ஒரு கேள்வி. நான்கு பேர் குழு என்றாய். மற்ற மூவரில் யாராவது இதே சாரிடம் கடிதம் கேட்கிறார்களா?

மேலூர்க்காரி

ஒருவர் கேட்கக்கூடும் அம்மா. அவருக்கு வேறு பல்கலைக்கழகம்.

தெப்பக்குளம் வடகரை

அப்படியானால் யார் எதைச் செய்தார்கள் என்று நேர்மையாகப் பிரித்து எழுது. "நாங்கள் செய்தோம்" என்று மொத்தமாக எழுதினால் சார் இரண்டு கடிதத்திலும் அதையே எழுத நேரும். கணக்குப் போட்டவர் தோழியென்றால், கணக்கு அவருடையது என்று சொல்லிவிடு.

உசிலம்பட்டி

என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் பொருளாதாரம் படித்தேன். வாட்ஸ்அப்பில் கேட்டேன், சார் உடனே சரி என்றார். கடைசி நாளுக்கு முந்தின நாள் நான்கு வரியில் ஒரு கடிதம் வந்தது. அதில் என் பாடத்தின் பெயரே தவறாக இருந்தது. திருத்தித் தரச் சொல்ல மனம் வரவில்லை, அப்படியே அனுப்பிவிட்டேன். இடம் கிடைக்கவில்லை. அதனால்தான் கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், வேறு காரணங்களும் இருந்திருக்கும். ஆனால் வெறுமனே "சார், ஒரு லெட்டர் வேண்டும்" என்று கேட்டால் வெறும் லெட்டர்தான் வரும் என்பது எனக்கு நடந்தது. தங்கை, வாட்ஸ்அப்பில் கேட்காதே. செய்தி மேலே போய்விடும், தேடவும் முடியாது.

கோ.புதூர்

பேராசிரியை அம்மா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இரண்டாவது விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லையே. கௌரவ விரிவுரையாளருக்குக் கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருக்குமா? நான் விண்ணப்பித்த ஓரிடத்தில் ஜிமெயில் முகவரியை ஏற்கவே இல்லை, நிறுவன முகவரி கேட்டார்கள். மே மாதம் அவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால், யாராவது சரிபார்க்க அழைத்தால் என்ன ஆகும்? இதெல்லாம் நடைமுறைச் சிக்கல். யாரையும் குறைத்துச் சொல்லவில்லை.

பனகல் சாலை

நான் ஒரு கௌரவ விரிவுரையாளர். முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறேன், தகுதித் தேர்வும் தேறியிருக்கிறேன். பாடம் நடத்துகிறேன், புராஜெக்ட் பார்க்கிறேன், களத்துக்கு மாணவர்களை அழைத்துப் போகிறேன். ஆனால் கடிதம் கேட்கும்போது மட்டும் மாணவர்கள் என் அறையைத் தாண்டித் துறைத்தலைவரிடம் போகிறார்கள். அவர் என்னை அழைத்து, "இந்தப் பெண் எப்படி, சொல்லுங்கள், எழுதிக் கொடுக்கிறேன்" என்று கேட்கிறார். நான் சொல்வதை அவர் எழுதுகிறார். எனக்கு வருத்தம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு: அப்படி இரண்டாம் கையாக வரும் கடிதத்தில் கீழாநெல்லிக் காயின் சொரசொரப்பு இருக்காது. "களப்பணியில் சிறந்து விளங்கினார்" என்றுதான் இருக்கும்.

மின்னஞ்சல் முகவரி பற்றிப் புதூர் நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. என்னிடமும் நீண்ட நாள் கல்லூரி முகவரி இல்லை. இப்படிக் கடிதம் எழுத வேண்டி வந்தபோது முதல்வரிடம் எழுதிக் கொடுத்துத்தான் வாங்கினேன். கேட்டால் சில கல்லூரிகளில் கொடுக்கிறார்கள். கொடுக்காவிட்டால் கல்லூரி முகப்புத்தாளில் எழுதி, துறைத் தொலைபேசி எண்ணைப் போட்டு, துறை முத்திரை வைத்து ஏற்றலாம். தங்கை, அந்தப் பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்துக்கு நீயே ஒரு வரி எழுதிக் கேட்டுவிடு: என் ஆசிரியருக்கு நிறுவன முகவரி இல்லை, தனிப்பட்ட முகவரியை ஏற்பீர்களா என்று. பதிலை சாருக்கும் அனுப்பு. முகப்புத்தாளை இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அலுவலகம் மூடியிருந்தால் தாளும் கிடைக்காது, முத்திரையும் கிடைக்காது.

கோ.புதூர்

உங்கள் வருத்தம் புரிகிறது. இருந்தாலும் பதவி ஒரு பொருட்டே இல்லை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இரண்டு கடிதங்களில் ஒன்றாவது நிரந்தரப் பேராசிரியரிடமிருந்து வருவது நல்லது.

தெப்பக்குளம் வடகரை

இரண்டில் ஒன்று என்றால் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்த இரண்டாமவரும் இந்தப் பெண்ணுக்குப் பாடம் நடத்தியவராக இருக்க வேண்டும். முதல்வர் கையெழுத்திட்ட முகம் தெரியாத கடிதத்தைவிட, செய்முறை வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் பார்த்தவரின் கடிதத்தையே நான் எடுத்துக்கொள்வேன். எல்லாக் குழுவும் அப்படித்தான் செய்யும் என்று உறுதி சொல்ல முடியாது.

மேலூர்க்காரி

எல்லோரும் சொன்னதை வைத்து மாற்றி எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

> பொருள்: சூழலியல் எம்.எஸ்ஸி. விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத இயலுமா? (கடைசித் தேதி ஜனவரி 10)
>
> மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.
>
> நான் மூன்றாம் ஆண்டு தாவரவியல் மாணவி, பெயரும் வரிசை எண்ணும் கீழே உள்ளன. நான்காம் பருவத்தில் தாங்கள் நடத்திய தாவரச் சூழலியல் தாளைப் படித்தேன். ஐந்தாம் பருவத்தில் அரிட்டாபட்டிப் புராஜெக்ட்டைத் தங்கள் வழிகாட்டுதலில் செய்தேன்.
>
> எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகையுடன் கூடிய சூழலியல் எம்.எஸ்ஸி. பாடத்துக்கு விண்ணப்பிக்கிறேன். களப்பணிக்கு முக்கியத்துவம் தரும் பாடம் இது. என் களப்பணியை நேரில் பார்த்தவர் தாங்கள் என்பதால் தங்களிடம் கேட்கிறேன். எனக்காக உறுதியாகச் சொல்லக்கூடிய கடிதம் ஒன்றை எழுதத் தங்களால் இயலுமா? நேரமில்லை என்றாலோ, என்னைப் பற்றி எழுதப் போதுமான அளவு தெரியவில்லை என்றாலோ தயங்காமல் சொல்லுங்கள் ஐயா. வேறு ஆசிரியரிடம் கேட்க எனக்கு இன்னும் நாள் இருக்கிறது.
>
> தங்களுக்கு உதவக்கூடும் என்று சில விவரங்கள்: அக்டோபர் கடைசியில் கண்மாய்க் கரையில் கீழாநெல்லி என்று குறித்துக்கொண்டிருந்த செடிகளில் காயின் காம்பை வைத்து இரண்டு வகை இருப்பதைக் கவனித்துத் தங்களிடம் காட்டினேன். மறுநாள் ஹெர்பேரியத்தில் ஒப்பிட்டோம். ஆகஸ்ட் தரவில் இரண்டையும் பிரிக்க முடியாததால் அதை எப்படிக் கையாண்டோம் என்ற பத்தியை அறிக்கையில் நான் எழுதினேன். குவாட்ராட் இடங்களைத் தேர்ந்தெடுத்ததும் தாவரங்களை அடையாளம் கண்டதும் என் பொறுப்பு. பன்மைக் குறியீட்டுக் கணக்குகள் என் தோழி செய்தவை.
>
> நான்காம் பருவத்தில் சூழலியல் தாளில் 38 பேர் படித்தோம்; என் மதிப்பெண் 81. இரண்டாம் பருவத்தில் வேதியியல் துணைப்பாடத்தில் ஓர் அரியர் இருந்தது, மூன்றாம் பருவத்தில் தேறிவிட்டேன். விண்ணப்பத்தோடு போகும் மதிப்பெண் பட்டியலில் இது தெரியும் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்.
>
> தாங்கள் ஒப்புக்கொண்டால் தங்கள் முகவரிக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் இணைப்பு வரும். கடிதம் ஆங்கிலத்தில், கல்லூரி முகப்புத்தாளில், ஒன்று அல்லது இரண்டு பக்கம் இருக்க வேண்டும். அறிக்கையின் அந்தப் பத்தியையும், செடியின் படத்தையும், ஒரு பக்கச் சுயவிவரத்தையும் இணைத்துள்ளேன். நோக்கக் கட்டுரையின் வரைவு வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.
>
> திங்கட்கிழமை துறைக்கு வரும்போது தங்களை நேரில் பார்க்கலாமா?
>
> இப்படிக்கு, தங்கள் மாணவி

உசிலம்பட்டி

முதலில் எழுதியதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்! எனக்கு அன்று யாராவது இப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

கோ.புதூர்

நன்றாக வந்திருக்கிறது. அரியரை ஏன் எழுதுகிறாய் தங்கை? கேட்காததை நாமே சொல்ல வேண்டுமா? சார் அதைப் படித்துவிட்டு மனம் மாறினால்?

தெப்பக்குளம் வடகரை

எழுதட்டும் தம்பி. சார் அதைக் கடிதத்தில் சொல்லத் தேவையில்லை. ஆனால் "எல்லாத் தாளிலும் தொடர்ந்து சிறப்பாகப் படித்தவர்" என்று அவர் தெரியாமல் எழுதிவிட்டால், பக்கத்திலேயே மதிப்பெண் பட்டியலில் அரியர் நிற்கும். கெடுவது அந்த வரி மட்டுமில்லை. அவர் சொல்லும் கீழாநெல்லியையும் நம்ப மாட்டார்கள்.

மின்னஞ்சலில் இரண்டு திருத்தம் சொல்கிறேன். ஒன்று, 81 என்று மட்டும் எழுதினால் அது வகுப்பில் எந்த இடம் என்று தெரியாது. தரவரிசை தெரிந்தால் எழுது, தெரியாவிட்டால் ஊகிக்காதே. அவரிடம் மதிப்பெண் பதிவேடு இருக்கும். அந்தச் சதவீதக் கட்டத்தை அவர் குறிக்கும்போது 38 என்ற எண் கட்டாயம் உதவும். 38 பேரில் முதல் 5 சதவீதம் என்றால் இரண்டு பேர்கூட முழுதாக வர மாட்டார்கள். இதை யோசிக்காமல் எல்லாவற்றிலும் முதல் 5 என்று குறித்துத் தருபவர்கள் உண்டு. உன் சார் 10 என்றோ 25 என்றோ குறித்தால் அதில் குறையொன்றும் இல்லை.

இரண்டு, நோக்கக் கட்டுரை "வேண்டுமென்றால்" என்று விடாதே, இப்போதே இணை. நீ அதில் எழுதியதற்கும் அவர் எழுதுவதற்கும் முரண்பாடு வரக் கூடாது.

மறுக்க வழி விட்டிருக்கிறாயே, அது மிகவும் நல்லது. மனமில்லாமல் ஒப்புக்கொண்டவரின் கடிதம் படிக்கும்போதே தெரிந்துவிடும்.

செல்லூர்

இப்போதுதான் விஷயம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். நம் பக்கம் ஆசிரியரிடம் ஒரு காரியம் கேட்பதென்றால் நேரில் போய்த்தானே கேட்போம்? இவ்வளவு நீளத்துக்கு எழுதி அனுப்பினால், கட்டளையிடுவது போல அவருக்குத் தோன்றாதா?

பனகல் சாலை

ஐயா, நேரில் கேட்பதுதான் மரியாதை, நானும் அப்படியே நினைக்கிறேன். ஆனால் வகுப்புக்கு நடுவில் வராந்தாவில் நின்று கேட்டால் சரி என்று தலையாட்டிவிடுவேன். மாலையில் வீட்டில் உட்கார்ந்து எழுதும்போது தேதியும் நினைவிருக்காது, விவரமும் இருக்காது. நேரில் கேட்டுவிட்டு அன்றிரவே இந்த மின்னஞ்சலை அனுப்பினால் இரண்டும் நிறைவேறும். நீளமாக இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, என் வேலை குறைகிறது.

உசிலம்பட்டி

எனக்கு ஒரு சந்தேகம். சில படிவங்களில் "இந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்" என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை டிக் செய்ய வேண்டுமா? என்ன எழுதினார் என்று நாம் பார்க்க வேண்டாமா?

தெப்பக்குளம் வடகரை

அது பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகப் படிவங்களில் வருவது. அங்கே மாணவர் தம் கல்விப் பதிவுகளைப் பார்க்க 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உரிமை தருகிறது. விட்டுக்கொடுப்பதே வழக்கம். மாணவர் பார்க்க மாட்டார் என்றால் ஆசிரியர் மனம்விட்டு எழுதியிருப்பார் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். மேலூர்ப் பெண்ணின் படிவத்தில் அது இருக்கிறதா என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. ஐரோப்பிய நேரப்படி ஜனவரி 10 நள்ளிரவு என்று போட்டிருந்தால், நமக்கு அது 11ஆம் தேதி விடியற்காலை நாலரை மணி வரை நீளும். அதை சாரிடம் சொல்லாதே! ஜனவரி 5க்குள் என்று கேள். பொங்கலுக்கு முந்திய வாரத்தில் எல்லோருக்கும் வேலை குவிந்திருக்கும். இணைப்பு வரும் மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டிக்குள் போய்விடுவதும் அடிக்கடி நடக்கிறது. நீ முகவரியைக் கொடுத்த அன்றே, வந்ததா என்று கேட்டுவிடு. அதன் பிறகு ஒரு வாரம் முன்னால் ஒரு நினைவூட்டல் போதும், நாள்தோறும் கேட்காதே.

மேலூர்க்காரி

திங்கட்கிழமை சாரைப் பார்த்துக் கேட்டேன், இரவு மின்னஞ்சலும் அனுப்பினேன். இன்று பதில் வந்திருக்கிறது. எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டார். கீழாநெல்லி நாள் நினைவிருக்கிறதாம், ஆனால் முதலில் கவனித்தது நான்தான் என்பதை மறந்திருந்தாராம். அக்டோபர்க் களக்குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். கல்லூரி முகவரிக்கு முதல்வரிடம் எழுதிக் கொடுப்பதாகவும் சொன்னார். சேர்க்கை அலுவலகத்துக்கும் எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

இரண்டாவது கடிதம்தான் இன்னும் முடிவாகவில்லை. செய்முறை வகுப்பு எடுத்த மேடம் மகப்பேறு விடுப்பில் இருக்கிறார். அவரை இப்போது தொந்தரவு செய்யலாமா, இல்லை முதலாமாண்டில் மட்டும் பாடம் எடுத்த துறைத்தலைவரிடம் கேட்கலாமா?

கோ.புதூர்

துறைத்தலைவர்.

பனகல் சாலை

மேடத்துக்கு முதலில் ஒரு சின்ன மின்னஞ்சல் அனுப்பிப் பார் தங்கை. மூன்று வரி போதும், இணைப்பு எதுவும் வேண்டாம், விருப்பமிருந்தால் மட்டும் விவரம் அனுப்புகிறேன் என்று எழுது. முடியாது என்றால் அவரே சொல்லிவிடுவார். ஒரு வாரம் பார்த்துவிட்டுத் துறைத்தலைவரிடம் போ. முதலாமாண்டு வகுப்புக் குறிப்பு ஏதாவது கையில் இருந்தால் எடுத்துக்கொண்டு போ.

தெப்பக்குளம் வடகரை

ஒரு வாரம் அதிகம், நாலு நாள் பார். துறைத்தலைவரிடம் போனால் முதலாமாண்டில் அவர் கையால் திருத்திய ரெக்கார்டு நோட்டு இருக்கிறதா என்று தேடு. அதில் அவர் ஏதாவது குறிப்பு எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைக் காட்டு.